கால் பங்கில் தொடங்கினால் பாதி மிஞ்சும்

பாத்திரத்தில் ஒரு லிட்டர் பால் இருக்கிறது. அதில் கால் பங்கை ஊற்றிவிடுகிறோம். மிஞ்சியதில் ஒன்பதில் ஒரு பங்கை ஊற்றுகிறோம். அதற்கப்புறம் மிஞ்சியதில் பதினாறில் ஒரு பங்கு, பிறகு இருபத்தைந்தில் ஒன்று, முப்பத்தாறில் ஒன்று. 2, 3, 4, 5, 6 என்று எண்கள் வரிசையாக வர, அந்தந்த எண்ணின் வர்க்கத்தால் வகுத்த ஒரு பங்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இப்படி நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் பாத்திரத்தில் என்ன மிஞ்சும்?

ஊற்றுவதற்கு முடிவே இல்லை என்பதால் ஒரு சொட்டும் தேறாது என்று சிலர் சொல்வார்கள். ஊற்றும் அளவு வேகமாகக் குறைந்துவிடுவதால் ஏதோ கொஞ்சம் நிற்கும் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுமே நியாயமான ஊகங்கள்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கால் பங்கு போனதும் 750 மில்லி. அதில் ஒன்பதில் ஒன்று போனால் 666.7. பதினாறில் ஒன்று போனால் 625. அடுத்து 600, அதற்கடுத்து 583.3, பிறகு 571.4. முதல் முறை 250 மில்லி போனது. ஆறாவது முறை 12 மில்லிகூடப் போகவில்லை. எங்கோ ஓரிடத்தில் இது நிற்கப் பார்க்கிறது என்று தெரிகிறது. ஆனால் பங்கு குறைந்துகொண்டே போவதை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்டிவிட முடியாது.

இதே விளையாட்டை வர்க்கம் இல்லாமல் ஆடிப் பார்த்தால் அது புரியும். முதலில் பாதி, மிஞ்சியதில் மூன்றில் ஒன்று, பிறகு நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று. இங்கேயும் பங்கு குறைந்துகொண்டேதான் வருகிறது. பால் 500, 333.3, 250, 200 என்று இறங்குகிறது. அதாவது ஒரு லிட்டரில் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று. ஆயிரம் என்ற எண் வரும்போது 1 மில்லிதான் இருக்கும். பத்து லட்சம் வரும்போது அதுவும் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். இந்தப் பாத்திரம் காலியாகும் பாத்திரம். வர்க்கம் போட்ட பாத்திரம் காலியாகாது என்றால் அதற்குத் தனியாகக் காரணம் காட்ட வேண்டும்.

மேலே வந்த அளவுகளைப் பின்னமாக எழுதுவோம். 3/4, 2/3, 5/8, 3/5, 7/12, 4/7. பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. பின்னத்தைக் கண்டதும் சுருக்கிவிட வேண்டும் என்று பள்ளியில் நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் இங்கே அதுதான் கண்ணை மறைக்கிறது. சுருக்காமல் விட்டிருந்தால் இப்படி வந்திருக்கும்:

3/4, 4/6, 5/8, 6/10, 7/12, 8/14

மேலே 3, 4, 5, 6 என்று ஒவ்வொன்றாக ஏறுகிறது. கீழே 4, 6, 8, 10 என்று இரண்டிரண்டாக ஏறுகிறது. n என்ற எண் வரை வந்த பிறகு மிஞ்சுவது (n+1)/(2n) என்று ஊகிக்க இது போதும். கீழே இருப்பது மேலே இருப்பதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆகவே பால் அரை லிட்டரை நோக்கிப் போகிறது. ஆனால் ஆறு எண்களில் கண்ட ஒழுங்கு அறுபதாவது எண்ணிலும் இருக்கும் என்பதற்கு இன்னும் உத்தரவாதம் இல்லை.

அந்த உத்தரவாதம் எட்டாம் வகுப்புப் பாடம் ஒன்றில் இருக்கிறது. k என்ற எண்ணின் முறை வரும்போது பாலில் 1/k² பங்கு போகிறது. மிஞ்சுவது 1 − 1/k² பங்கு. இதையே (k² − 1)/k² என்று எழுதலாம். a² − b² = (a − b)(a + b) என்ற முற்றொருமை நினைவிருக்கும். அதன்படி k² − 1 என்பது (k − 1)(k + 1). ஆக ஒவ்வொரு காரணியும் இரண்டு பின்னங்களாகப் பிரிகிறது:

1 − 1/k² = (k − 1)/k × (k + 1)/k

ஒரு பின்னம் ஒன்றைவிடச் சற்றுக் குறைவு, மற்றது ஒன்றைவிடச் சற்று அதிகம். k = 2 என்றால் 1/2 × 3/2. k = 3 என்றால் 2/3 × 4/3. அடுத்தது 3/4 × 5/4, அதற்கடுத்தது 4/5 × 6/5, பிறகு 5/6 × 7/6. இவற்றை ஒரே வரியில் எழுதிப் பார்ப்போம்:

1/2 × 3/2 × 2/3 × 4/3 × 3/4 × 5/4 × 4/5 × 6/5 × 5/6 × 7/6

இரண்டாவதாக நிற்கும் 3/2, மூன்றாவதாக நிற்கும் 2/3. பெருக்கினால் 1. அடுத்து 4/3, 3/4. அதுவும் 1. 5/4, 4/5. 6/5, 5/6. எல்லாம் ஜோடி ஜோடியாக அடிபட்டுப் போகின்றன. ஒவ்வொரு எண்ணும் தன் இரண்டாவது பின்னத்தை அடுத்த எண்ணின் முதல் பின்னத்தோடு சேர்த்து ஒழித்துவிடுகிறது. ஜோடி கிடைக்காமல் நிற்பவை இரண்டே இரண்டு: தொடக்கத்தில் இருக்கும் 1/2, கடைசியில் இருக்கும் 7/6. பெருக்கினால் 7/12. மேலே கண்ட ஐந்தாவது பின்னம் இதுதான். ஆறுக்குப் பதில் n வரை போனாலும் நடப்பதில் மாற்றமில்லை. முன்னால் 1/2 நிற்கும், பின்னால் (n + 1)/n நிற்கும். நடுவில் ஆயிரம் பின்னங்கள் இருந்தாலும் ஒன்றும் தேறாது.

(1 என்ற எண்ணிலிருந்து ஏன் தொடங்கவில்லை என்று கேட்டால், 1 − 1/1² என்பது பூஜ்யம். முதல் முறையே பால் முழுவதையும் கவிழ்த்துவிட்டதாக ஆகும்.)

இனி முடிவிலிக்குப் போகலாம். (n + 1)/(2n) என்பதைப் பிரித்தால் 1/2 + 1/(2n). அரை லிட்டருக்கு மேல் எவ்வளவு அதிகமாக இருக்கிறது என்பதை அந்த 1/(2n) சொல்லிவிடுகிறது. n = 10 என்றால் 550 மில்லி, 100 என்றால் 505, 1000 என்றால் 500.5. அரை லிட்டருக்கு மேல் ஒரு மில்லிதான் இருக்க வேண்டும் என்று யாராவது நிபந்தனை போட்டால் 500 வரை ஊற்றினால் போதும். பத்தில் ஒரு மில்லி என்று நெருக்கினால் 5000 வரை. எவ்வளவு நெருக்கினாலும் எங்கே நிறுத்தலாம் என்று சொல்லிவிட முடிகிறது. அதைத்தான் எல்லை 1/2 என்கிறோம். பால் எந்த முறையிலும் சரியாக 500 மில்லியைத் தொடுவதில்லை. எப்போதும் ஒரு துளி கூடுதலாகத்தான் இருக்கும்.

100 என்ற எண் வரை ஊற்றிய பிறகும் முடிவில்லாத முறைகள் பாக்கி இருக்கின்றன. அவை அனைத்தும் சேர்ந்து எவ்வளவு பாலை எடுக்கும்? இதற்கும் அதே அடிபடல்தான் விடை. 2-க்குப் பதில் 101-லிருந்து தொடங்கினால் முன்னால் நிற்கும் பின்னம் 1/2 அல்ல, 100/101. அதாவது 100 வரை வந்த பிறகு கையில் இருப்பதில் நூற்றியொன்றில் ஒரு பங்கு மட்டும், 505-ல் 5 மில்லி, மீதமுள்ள அத்தனை முறைகளுக்கும் சேர்த்துப் போகிறது. m என்ற எண்ணிலிருந்து தொடங்கும் முடிவிலிப் பெருக்கலின் எல்லை (m − 1)/m.

கணினியில் ஒவ்வொரு காரணியாகப் பெருக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். வழக்கமாகப் பயன்படும் 64 பிட் தசம எண்களில், k சுமார் 13.4 கோடியைத் தாண்டியதும் 1 − 1/k² என்பது 1 என்றே பதிவாகும். அதற்கு மேல் கணினி எவ்வளவு நேரம் ஓடினாலும் விடை நகராது. அரையிலிருந்து சற்றே விலகி அப்படியே உறைந்து நிற்கும். அது நின்றுவிட்டது என்பதை வைத்து எல்லை கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. அவசரக்காரர் ஒருவர், n, கடைசிப் பின்னம் என்றெல்லாம் எதற்கு இத்தனை சடங்கு, முடிவில்லாமல் போகும் வரியில் கடைசி என்று ஒன்று ஏது, எல்லாம் அடிபட்டு 1/2 மட்டும் மிஞ்சும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடை சரி. வழி சரியா?

அவருடைய வழியை வர்க்கமில்லாத விளையாட்டில் வைத்துப் பார்ப்போம். அங்கே பெருக்கல் 1/2 × 2/3 × 3/4 × 4/5 என்று போகிறது. முதல் பின்னத்தின் கீழே இருக்கும் 2 அடுத்ததன் மேலே இருக்கும் 2-ஐ அடிக்கிறது. 3-ஐ 3 அடிக்கிறது, 4-ஐ 4 அடிக்கிறது. கீழே இருக்கும் எந்த எண்ணும் தப்பவில்லை. மேலே முதலில் இருக்கும் 1 மட்டும் மிச்சம். ஆகவே விடை 1, ஒரு லிட்டரும் அப்படியே இருக்கிறது! ஆனால் அந்தப் பாத்திரம் காலியாகிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தோம். எங்கே பிசகியது? n வரை நிறுத்திப் பார்த்தால் கீழே கடைசியாக ஒரு n அடிபடாமல் நிற்கிறது, மிஞ்சுவது 1/n. முடிவில்லாத வரி என்று சொல்லி அந்த n-ஐக் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குத் தள்ளிவிட்டார். தள்ளத் தள்ள அது பெரிதாகிக்கொண்டே போனது.

எங்கள் பெருக்கலின் மறு பாதியையும் தனியே எடுப்போம்: 3/2 × 4/3 × 5/4 × 6/5. அவசரக்காரர் வழியில் 3, 4, 5 எல்லாம் அடிபட்டு, கீழே முதலில் இருக்கும் 2 மட்டும் மிஞ்சி, விடை 1/2. ஒன்றைவிடப் பெரிய பின்னங்களையே பெருக்கிக்கொண்டு போய் ஒன்றைவிடச் சிறிய விடைக்கு வந்து நிற்கிறார். உண்மையில் n வரை இதன் மதிப்பு (n + 1)/2. அது எல்லையில்லாமல் வளர்கிறது.

இனி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுக்கு அவர் சொன்ன விடை 1, மற்றதற்கு 1/2. இரண்டும் தப்பு, பெருக்கினால் 1/2, அது சரி. முதலாவதில் அவர் தொலைத்தது கீழே நின்ற n. இரண்டாவதில் தொலைத்தது மேலே நின்ற n + 1. இரண்டு தவறுகளும் ஏறக்குறைய ஒரே அளவில் எதிரெதிராக இருந்ததால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன. தொலைந்தவற்றின் விகிதம் (n + 1)/n, அது ஒன்றை நோக்கிப் போவது, அதனால் தப்பித்தார். அதே காரணத்தால்தான் இந்த முடிவிலிப் பெருக்கலை இரண்டு முடிவிலிப் பெருக்கல்களாகப் பிரித்து எழுதவும் முடியாது. ஒன்று பூஜ்யத்துக்கும் மற்றது முடிவிலிக்கும் போகும்போது அவற்றைப் பெருக்கு என்றால் எதைப் பெருக்குவது? n வரை நிறுத்தி, 1/n-ஐ (n + 1)/2-ஆல் பெருக்கி, அதற்குப் பிறகு n-ஐப் பெரிதாக்கினால் எந்தக் குழப்பமும் இல்லை.

பொறியைப் புரிந்துகொண்டதற்குச் சோதனையாக ஒன்றைச் செய்து பார்க்கலாம். 1 − 4/k² என்ற காரணிகளை 3-லிருந்து தொடங்கிப் பெருக்க வேண்டும். இப்போது (k − 2)/k × (k + 2)/k என்று பிரியும். அடிபடும் ஜோடிகள் பக்கத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கும். ஆகவே ஓரங்களில் ஒன்றுக்குப் பதில் இரண்டு எண்கள் நிற்கும். முதல் வகைப் பின்னங்களில் மிஞ்சுவது (1 × 2)/((n − 1) × n). இரண்டாம் வகையில் மிஞ்சுவது ((n + 1) × (n + 2))/(3 × 4). வால் பகுதியில் நிற்கும் நான்கும் சேர்ந்து ஒன்றை நோக்கிப் போக, எல்லை 2/12, அதாவது 1/6. கழித்தலுக்குப் பதில் கூட்டலைப் போட்டு 1 + 1/k² என்று மாற்றினால் இந்த வித்தை செல்லாது. k² + 1-ஐ முழு எண்களை வைத்துக் காரணிப்படுத்த முடியாது. அடிபட ஜோடியே இல்லை. அந்தப் பெருக்கலுக்கும் எல்லை உண்டு, சுமார் 1.838. ஆனால் அது பின்னமாக வருவதில்லை.

மறுபடி பாலுக்கு வருவோம். இரட்டை எண்களின் முறை வரும்போது மட்டும் ஊற்றிவிட்டு, ஒற்றை எண்களை விட்டுவிட்டால்? கால் பங்கு, பிறகு பதினாறில் ஒன்று, பிறகு முப்பத்தாறில் ஒன்று. பெருக்கலைப் பிரித்து எழுதினால்:

(1 × 3)/(2 × 2) × (3 × 5)/(4 × 4) × (5 × 7)/(6 × 6) × …

மேலே இருப்பவை எல்லாம் ஒற்றை எண்கள். கீழே இருப்பவை எல்லாம் இரட்டை எண்கள். ஜோடி ஜோடியாக அடிக்க வழியே இல்லை. இப்படியொரு பெருக்கலை ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியராக இருந்த ஜான் வாலிஸ் 1656-ல் வெளிவந்த தன் நூலில் தீர்த்துக் காட்டினார். அதன்படி மிஞ்சுவது 2/π, அதாவது சுமார் 636.6 மில்லி. வட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று முதல்முறை பார்க்கும் எவருக்கும் தோன்றும். முக்கோணவியலில் வரும் சைன் சார்பையே 1 − x²/k² என்ற காரணிகளின் முடிவிலிப் பெருக்கலாக எழுதலாம் என்று அடுத்த நூற்றாண்டில் ஆய்லர் காட்டிய பிறகு அந்தச் சம்பந்தம் தெளிவாயிற்று. x-க்கு 1/2 என்று போட்டால் வாலிஸின் விடை அதிலிருந்து தானே வந்துவிடும்.

ஒற்றை எண்களை மட்டும் எடுத்தால், அதாவது ஒன்பதில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று, நாற்பத்தொன்பதில் ஒன்று என்று ஊற்றினால், மேலே இரட்டை எண்களும் கீழே ஒற்றை எண்களுமாகத் தலைகீழாக நிற்கும். இதுவும் அடிபடாது. இங்கே மிஞ்சுவது π/4, சுமார் 785.4 மில்லி. இரண்டையும் பெருக்கினால் π மேலும் கீழுமாக அடிபட்டு 1/2 வருகிறது. எல்லாக் காரணிகளும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் இருப்பதால் இப்படி இனம் பிரித்துப் பெருக்குவதில் தவறு நேராது. எந்த வரிசையில் ஊற்றினாலும் மிஞ்சுவது அதேதான். முன்பு செய்த பிரிவில் ஒரு பாதி ஒன்றைவிடக் குறைவாகவும் மறு பாதி ஒன்றைவிட அதிகமாகவும் இருந்தது. அதனால் வந்த சங்கடம் இங்கே இல்லை. இரட்டை எண் காரணிகளின் மேலே நிற்கும் ஒற்றை எண்களுக்குக் கீழே ஒற்றை எண் காரணிகளில் ஜோடி காத்திருந்தது. அதனால்தான் முழு வரிசையில் பெருக்கும்போது வட்டத்தின் வாடையே இல்லாமல் எட்டாம் வகுப்புக் கணக்காக முடிந்துவிட்டது.

எண்களை வேறு விதமாகவும் பிரிக்கலாம். 2, 3, 5, 7, 11 என்று பகா எண்களின் முறையில் மட்டும் ஊற்றினால் மிஞ்சுவது 6/π², சுமார் 607.9 மில்லி. இதையும் தந்தவர் ஆய்லர்தான். 1/1² + 1/2² + 1/3² என்று போகும் கூட்டல் π²/6 என்பதை முதலில் நிறுவி, அதைப் பகா எண்களின் பெருக்கலாக மாற்றி எழுதினார். ஏதோ இரண்டு முழு எண்களைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் அவற்றுக்குப் பொதுக் காரணி இல்லாமல் இருக்கும் வாய்ப்பும் இதே 6/π²தான். இரண்டுமே p என்ற பகா எண்ணால் வகுபடும் வாய்ப்பு 1/p². அப்படி நடக்காமலிருக்கும் வாய்ப்பு 1 − 1/p². அதை எல்லாப் பகா எண்களுக்கும் சேர்த்துப் பெருக்குகிறோம்.

4, 6, 8, 9, 10 என்று பகு எண்களின் முறையில் மட்டும் ஊற்றினால் எவ்வளவு மிஞ்சும்? 15/16, 35/36, 63/64, 80/81, 99/100 என்று எழுதிக்கொண்டு போனால் அங்கங்கே சில எண்கள் அடிபடும், சில அடிபடாது. எதை எங்கே தேடுவது என்று ஒழுங்கும் கிடைக்காது. ஆனால் எல்லா எண்களுக்கும் சேர்த்து 1/2 என்று தெரியும், பகா எண்களுக்கு 6/π² என்றும் தெரியும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் π²/12. ஒரு லிட்டரில் சுமார் 822.5 மில்லி மிஞ்சும்.